அந்தப் படப்பட்டையைக் கழற்றச் சொன்னவர்களுக்கு

அன்புள்ள பழைய மாணவர்களுக்கும் சொந்தங்களுக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். உங்களில் சிலரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். அவளுடைய மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம் உண்டு. ஒரு தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். அடுத்து என்ன, அதற்கடுத்து என்ன என்று காட்டும் ஐந்தாறு படங்களை ஓர் அட்டைப் பட்டையில் ஒட்டி, அவனுடைய மேசையின் ஓரத்தில் வைத்திருந்தாள். பள்ளி அதைக் கழற்றி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டது. மூன்று காரணம் சொன்னார்களாம். "ஒரு பையனுக்காக மத்த பிள்ளைங்களை விட முடியாது." "இதுக்குப் பழகிட்டா நாளைக்கு இது இல்லாம இருக்க மாட்டான்." "வாழ்க்கை ஒண்ணும் டைம்டேபிள் போட்டுக்கிட்டு வராதும்மா."

இதை நம் குடும்ப வாட்ஸ்அப்பில் சொன்னேன். "அத்தை, ஸ்கூல் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு" என்று பதில் வந்தது. சொன்னவரும் ஓர் ஆசிரியர்தான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அதில் நியாயம் இல்லை. மூன்று காரணமும் தவறு. வாயால் சொல்லி விட்டுவிடாமல், என் வகுப்பில் நடந்ததை வைத்தே காட்டுகிறேன்.

ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு என் இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். பெயரை மாற்றி முகில் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் மொத்தம் 32 பிள்ளைகள். முகிலுக்கு எழுத்துகள் எல்லாம் தெரியும். பேருந்தில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்களைப் படிப்பான். ஆனால் கேள்வி கேட்டால் பதில் வராது. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுவான். தமிழ்ப் புத்தகத்தை மூடச் சொன்னால் கத்துவான், கணக்கு நோட்டை எடுக்கச் சொன்னால் வீசுவான். காலையிலிருந்து மாலை வரை "அம்மா வருவாங்களா" என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பான்.

முதல் ஒரு மாதம் நானும் நல்லவளாக நடந்துகொள்ளவில்லை. "அடங்காத பிள்ளை" என்று அவன் காதுபடவே சொல்லியிருக்கிறேன். அவனுடைய அம்மாவைத் தினமும் வராந்தாவில் உட்கார வைத்தேன். அந்தப் பெண் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவள். என்னால் அந்த வேலையை விட்டாள். இதை இங்கே மறைத்துவிட்டு மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

வட்டார வள மையத்திலிருந்து வாரம் ஒருமுறை வரும் சிறப்புப் பயிற்றுநர்தான் என்னைத் திருத்தினார். வந்த அன்று அவர் எனக்கு எந்த வைத்தியமும் சொல்லவில்லை. "டீச்சர், மூணு நாளைக்கு ஒண்ணும் செய்யாதீங்க. அவன் எப்பெப்ப கத்துறான்னு மட்டும் நேரத்தோட எழுதி வைங்க. அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னும் எழுதுங்க" என்றார்.

எழுதினேன். மூன்று நாளில் 17 முறை. அதில் 13 முறை, ஒரு வேலை முடிந்து இன்னொரு வேலை தொடங்கும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் நடந்தது. மூன்று முறை காலை வழிபாட்டில், ஒரு முறை கழிப்பறைக்குப் போகும்போது. தமிழ்ப் பாடத்தின் நடுவில் ஒருமுறைகூட இல்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதும் இல்லை. அவனுக்குப் படிப்பு பிடிக்கவில்லை என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். படிப்பில் அவனுக்குச் சிக்கல் இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும் இடத்தில்தான் தடுமாறினான்.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். "புத்தகத்தை மூடுங்க, நோட்டை எடுங்க, தேதி போடுங்க, பார்வதி அந்த ஜன்னலைச் சாத்து" என்று நான் ஒரே மூச்சில் சொல்வேன். மற்ற 31 பேரும் அதில் பாதியைக் காதில் வாங்கி, மீதியைப் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துச் சரிசெய்துகொள்வார்கள். கணக்குக்குப் பிறகு சாப்பாடு என்பதை யாரும் சொல்லாமலே வாசனையிலும் வெயிலிலும் தெரிந்துகொள்வார்கள். முகிலுக்கு அந்த வழிகள் அடைத்திருந்தன. பேச்சு வந்த வேகத்திலேயே காற்றில் போய்விடும். பக்கத்துப் பையனைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பழக்கமும் அவனுக்கு இல்லை. ஒவ்வொரு மணியோசைக்கும் அவனுக்குத் தரை நழுவியது. படம் அப்படி இல்லை. மேசையில் அப்படியே இருக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் வடக்கு கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்ளர் என்பவர் 1972இல் தொடங்கிய டீச் என்ற திட்டம் இந்த அடிப்படையில்தான் வளர்ந்தது. ஐம்பது ஆண்டுகளாக உலகம் முழுக்க வகுப்பறைகளில் இருக்கும் முறை இது. நேற்று யாரோ யூடியூபில் பார்த்துவிட்டு ஒட்டிய படம் என்று நினைத்துக் கழற்றிக் கொடுப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது அதை எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன். இதில் நான் செய்த தவறுகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பட்டையை ஒட்டிவிட்டுப் பலன் இல்லை என்று சொல்லும் பலர் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள்.

முதலில் எந்த மாதிரிப் படம் அவனுக்குப் புரிகிறது என்று பார்த்தோம். மேசையில் தண்ணீர் பாட்டில், கணக்கு நோட்டு, தட்டு மூன்றையும் வைத்தோம். கோட்டுப்படத்தைக் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்த்தான், எதன் மேலும் வைக்கவில்லை. போட்டோவைக் கொடுத்ததும் உடனே சரியான பொருளின் மேல் வைத்தான். ஆகவே போட்டோ, அதன் கீழே பெரிய எழுத்தில் சொல். சில பிள்ளைகளுக்குப் போட்டோவும் புரியாது. அவர்களுக்குப் பொருளையே கொடுக்க வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு கரண்டி, விளையாட்டுக்கு ஒரு பந்து. சிலருக்கு வெறும் எழுத்தே போதும். இதைச் சோதிக்காமல் இணையத்திலிருந்து அழகான கார்ட்டூனை இறக்கி ஒட்டினால் அது சுவர் அலங்காரம்தான்.

என் போனிலேயே படம் எடுத்துத் தந்தேன். அட்டை இரண்டு விரல் அகலம், சதுரம். பின்னால் வெல்க்ரோ. லேமினேஷனோடு சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. சாப்பாட்டுக்குச் சாம்பார் சாதம் வைத்த தட்டைப் படம் எடுத்திருந்தேன். மறுநாள் எலுமிச்சைச் சாதம். தட்டைத் தள்ளிவிட்டு அழுதான். படத்தில் இருந்தது வரவில்லை என்று அவன் சொன்னதுதான் அந்த அழுகை. அட்டவணை பொய் சொல்லிவிட்டது. அன்றே காலித் தட்டைப் படம் எடுத்து மாற்றினேன். படத்தில் எது மாறாமல் இருக்குமோ அதை மட்டும் காட்ட வேண்டும் என்பது அப்படித்தான் எனக்கு விளங்கியது.

இரண்டாவது தவறு, முழு நாளையும் ஒரே பட்டையில் வைத்தது. பத்து அட்டை. கடைசி அட்டை அவனுடைய அம்மாவின் போட்டோ. காலை ஒன்பதரை மணிக்கு அந்த அட்டையைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றான்! அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பிறகு நாளை இரண்டாகப் பிரித்தோம். காலையில் ஐந்து: வழிபாடு, தமிழ், தண்ணீர், கணக்கு, சாப்பாடு. சாப்பிட்டு வந்த பிறகு மீதி ஐந்து, அதில் கடைசி அம்மா. மேலிருந்து கீழாக அடுக்கினோம். "அம்மா வருவாங்களா" என்று கேட்டால் நான் பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டு பட்டையைக் காட்டினேன். மூன்றாவது வாரத்தில் அவனே பார்த்துக்கொண்டான், கேள்வி குறைந்தது. அம்மாவும் வராந்தாவிலிருந்து வீட்டுக்குப் போனாள்.

மூன்றாவதுதான் முக்கியம். பட்டை இருந்தால் மட்டும் போதாது, பிள்ளை அதைத் தன் கையால் பயன்படுத்த வேண்டும். மணி அடித்ததும் அவன் பெயர் எழுதிய சின்ன அட்டை ஒன்றைக் கையில் கொடுப்பேன். அதை எடுத்துப்போய்ப் பட்டையின் தலைப்பில் ஒட்டுவான். முதல் படத்தை எடுப்பான், அந்த வேலைக்குப் போவான். முடிந்ததும் "முடிந்தது" என்று எழுதிய உறையில் அந்தப் படத்தைப் போடுவான். முதல் பத்து நாள் அவனுக்குப் பின்னால் நின்று முழங்கையை லேசாகத் தொட்டு வழிகாட்டினேன். வாயைத் திறக்கவில்லை. பயிற்றுநர் அதில் மிகக் கண்டிப்பு. "நீங்க பேசினா அவன் பட்டையைப் பாக்க மாட்டான், உங்க வாயைத்தான் பாப்பான். அப்புறம் நீங்க இல்லாம நகர மாட்டான்" என்றார். நாற்பது வருடம் பேசியே பிழைத்த எனக்கு அந்தப் பத்து நாள் பெரிய தண்டனை.

இப்போது அந்தப் பள்ளி சொன்ன மூன்று காரணத்துக்கு வருகிறேன்.

"ஒரு பையனுக்காக மற்றவர்களை விட முடியாது." காலையில் பட்டையை அடுக்க எனக்கு ஆன நேரம் நான்கு நிமிடம், மதியம் இரண்டு நிமிடம். பட்டை வருவதற்கு முன் அந்த 17 முறையும் ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் வகுப்பை நிறுத்தியது. மற்ற 31 பேரின் நேரத்தை அப்போதுதான் நான் இழந்தேன். கணக்கு ஆசிரியர்களே, நீங்களே பெருக்கிப் பாருங்கள். அந்த 31 பேர் மேல் அக்கறை இருக்கிறவர்கள் முதலில் ஒட்ட வேண்டியது அந்தப் பட்டையைத்தான். பிறகு கரும்பலகையின் ஓரத்தில் வகுப்பு முழுவதற்கும் அன்றைய வரிசையை எழுதிப் போட்டேன். "டீச்சர் எப்ப பெல்லு" என்ற கேள்வி மற்ற பிள்ளைகளிடமிருந்தும் நின்றுபோனது.

"இதற்குப் பழகிவிடுவான்." பழகட்டுமே! நான் 42 வயதிலிருந்து மூக்குக்கண்ணாடிக்குப் பழகியிருக்கிறேன். இப்போதுதான் நன்றாகத் தெரிகிறதே, கழற்றிவிடுங்கள் என்று எந்தக் கண் டாக்டரும் சொல்லவில்லை. முகிலுக்கு ஒரு மாதம் அமைதியாகப் போனதும் எங்கள் பள்ளியிலேயே ஒருவர் "அதான் சரியாயிட்டானே, எடுத்துடுங்க டீச்சர்" என்றார். நானும் கேட்டுக்கொண்டு எடுத்தேன். நான்காம் நாள் அவன் மறுபடி மேசைக்கடியில். பட்டை இருந்ததால்தான் அவன் அமைதியாக இருந்தான். எங்கள் இருவருக்கும் அந்த எளிய விஷயம் புரியவில்லை. அதை எடுக்கக் கூடாது, வளர்க்க வேண்டும். போட்டோவிலிருந்து சொல்லுக்கு, சொல்லிலிருந்து சட்டைப்பையில் வைக்கும் சிறு நோட்டுக்கு. நான்காம் வகுப்பில் முகில் அந்த நோட்டில் தானே எழுதித் தானே அடித்துக்கொண்டான். நீங்கள் அலுவலகத்தில் செய்வதும் அதைத்தானே?

"வாழ்க்கை டைம்டேபிள் போட்டுக்கொண்டு வராது." இதைத்தான் எல்லோரும் பெரிய ஞானம் போலச் சொல்கிறார்கள். கோயில் நடை திறக்கும் நேரம் எழுதித்தான் வைத்திருக்கிறது. முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடிக்கிறோம். ரயில் நிலையத்தில் பலகையைப் பார்க்காமல் யாரும் ஏறுவதில்லை. ஆசிரியர் அறைச் சுவரில் பீரியட் அட்டவணை தொங்குகிறது. யாராவது லீவு போட்டு, "இந்த பீரியட் நீங்க போங்க" என்று திடீரென்று சீட்டு வந்தால் அந்த அறையில் என்ன பேச்சு நடக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் பேசியிருக்கிறேன். நமக்கு வேண்டிய அட்டவணையை ஒழுங்கு என்கிறோம். ஏழு வயதுப் பிள்ளைக்கு வேண்டும் என்றால் பிடிவாதம் என்கிறோம்.

அந்தக் கேள்விக்குள் உண்மையான கவலை ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாற்றம் வந்தால் இவன் என்ன செய்வான்? அதற்கும் விடை அந்தப் பட்டையிலேயே இருக்கிறது. தினமும் அணுவளவும் மாறாத அட்டவணை வைத்தால் அவன் அதற்குள் இறுகித்தான் போவான். அது பட்டையின் குற்றமில்லை, வைத்தவர்களின் குற்றம். நாங்கள் மூன்றாவது வாரத்திலிருந்து மாற்றத்தையே ஒரு பாடமாக வைத்தோம். ஆரஞ்சு நிறத்தில் "மாற்றம்" என்று ஓர் அட்டை. முதலில் அவனுக்குப் பிடித்த மாற்றம் மட்டும். அவனை அழைத்து, அவன் கண் முன்னால் கணக்கு அட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆரஞ்சு அட்டையையும் ஊஞ்சல் படத்தையும் வைப்பேன். ஊஞ்சல் என்றால் யாருக்குக் கசக்கும்? இப்படி ஒரு வாரம். ஆரஞ்சு வந்தால் பயப்பட ஒன்றுமில்லை என்று அவன் உடம்புக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் நல்லதும் இல்லாத கெட்டதும் இல்லாத மாற்றம். தமிழும் கணக்கும் இடம் மாறும். அதற்கடுத்துத்தான் அவன் விரும்பாதது: விளையாட்டுக்குப் பதில் வகுப்பிலேயே படம் வரைதல். விளையாட்டு அட்டையை ஒளித்து வைக்க மாட்டேன், "நாளை" என்று எழுதிய கட்டத்தில் அவன் பார்க்க ஒட்டுவேன். போனது எங்கே போனது என்று தெரிந்துவிட்டால் பாதி அழுகை இல்லை. முதல் தடவை அழுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஐந்தாறு தடவைக்குப் பிறகு முனகிவிட்டு உட்கார்ந்தான். நவம்பரில் ஒரு நாள் நல்ல மழை, வழிபாட்டை வகுப்பறையிலேயே நடத்தச் சொன்னார்கள். முகில் தானே என் மேசைக்கு வந்து, ஆரஞ்சு அட்டையை எடுத்துப்போய்த் தன் பட்டையில் ஒட்டினான். நான் சொல்லவே இல்லை. மாற்றத்தைச் சமாளிக்கப் பட்டையைக் கழற்ற வேண்டும் என்பவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருக்க வேண்டும். வாழ்க்கை டைம்டேபிள் போட்டுக்கொண்டு வராது என்பதை அவன் அந்த டைம்டேபிளை வைத்துத்தான் கற்றுக்கொண்டான்.

எல்லாம் சுபம் என்று முடிக்க மாட்டேன். ஜனவரியில் என் தங்கைக்கு உடம்பு முடியாமல் திடீரென்று இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். பட்டை என் பீரோவில் பூட்டியிருந்தது. முகில் இரண்டு நாளும் சாப்பிடவில்லை. அது முழுக்க என் தவறு. அட்டவணை டீச்சரின் பொருளாக இருந்தால் டீச்சரோடு அதுவும் லீவு போட்டுவிடும். அதன் பிறகு அட்டைப் பெட்டியை அவன் மேசைக்கடியிலேயே வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு அடுக்கக் கற்றுக்கொடுத்தேன். அவள் என்னைவிட வேகமாக அடுக்கினாள். "இன்றைய ஆசிரியர்" என்று ஒரு கட்டம் சேர்த்து எல்லா ஆசிரியர்களின் போட்டோவையும் வைத்தேன். மாற்று ஆசிரியருக்கு அரைப் பக்கக் குறிப்பு ஒன்றையும் பெட்டிக்குள் போட்டேன்.

பட்டையால் ஆகாததும் உண்டு. முன்னால் சொன்ன 17இல் மூன்று முறை வழிபாட்டில் நடந்தது அல்லவா? பட்டை வந்த பிறகும் அது மாறவில்லை. வழிபாட்டுப் படத்தைத் தொடவே மாட்டான். என்ன வரப்போகிறது என்று நன்றாகத் தெரிந்துதான் மறுத்தான். போய்ப் பார்த்தால் எங்கள் வகுப்பு வரிசைக்கு நேர் மேலே ஒலிபெருக்கி. கழிப்பறையிலும் காரணம் வேறு: ஈரத் தரை, செருப்பில்லாமல் மிதிக்க மாட்டான். வரிசையின் கடைசியில், வேப்பமரத்துக்குக் கீழே நிற்க வைத்ததும், செருப்போடு போகவிட்டதும் இரண்டும் தீர்ந்தன. சத்தம், வலி, பசி, கூச்சம் எதையும் படம் ஒட்டிச் சரிசெய்ய முடியாது. ஆனால் எந்த அட்டையைப் பிள்ளை மறுக்கிறான் என்று பார்த்தால், எங்கே போய்த் தேட வேண்டும் என்று அது சொல்லிவிடும். எல்லா இடத்திலும் கத்துகிற பிள்ளை என்று நான் நினைத்தவன், குறிப்பாக ஒரே ஓர் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தான்.

இன்னொன்று. பட்டையைக் கழற்றுபவர்களைவிட எனக்குப் பயம், அதைப் பிரம்பாக மாற்றுபவர்களைப் பார்த்துத்தான். "எழுதி முடிக்கலையா? இந்தா, விளையாட்டுப் படத்தை எடுத்துட்டேன் பாரு" என்று தண்டனையாகப் பிடுங்குவது. ஒரே ஒருமுறை அப்படிச் செய்தாலும் போதும், அந்தப் பிள்ளை இனி எந்தப் படத்தையும் நம்ப மாட்டான். பட்டை என்பது வாக்கு. மாற வேண்டியிருந்தால் முன்கூட்டியே சொல்லி, ஆரஞ்சு வைத்து மாற்றுங்கள், கோபத்தில் பிடுங்காதீர்கள். அவனுக்கும் ஒரு சொல் இருக்கட்டும். எங்கள் பட்டையில் மதியம் ஒரு கட்டம் அவன் தேர்ந்தெடுப்பது. "கொஞ்ச நேரம்" என்று ஓர் அட்டையும் உண்டு. அதைக் காட்டினால் ஜன்னலோரம் போய் ஐந்து நிமிடம் நிற்கலாம். ஐந்து நிமிடத்தை எப்படிக் காட்டுவது? அட்டைத் துண்டில் ஐந்து துணி கிளிப். நிமிடத்துக்கு ஒன்றைக் கழற்றினால் எவ்வளவு மிச்சம் என்று அவனுக்கே தெரியும்.

அந்தத் தனியார் பள்ளிக்கு ஒன்று. இது நீங்கள் போடும் பிச்சை இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் வந்தது. அதன் பட்டியலில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு நிதி பெறும் பள்ளியும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியும் மற்ற பிள்ளைகளோடு சேர்த்தே இந்தப் பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும், அவரவர் தேவைக்குத் தக்க நியாயமான வசதியும் செய்து தர வேண்டும் என்று அதன் 16ஆம் பிரிவு சொல்கிறது. மேசை ஓரத்தில் ஒரு சாண் அட்டையைவிட நியாயமான, செலவில்லாத வசதி எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மா எழுத்தில் கேட்க வேண்டும், மறுப்பையும் எழுத்தில் வாங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன்.

கடைசியாக என் பழைய மாணவர்களுக்கு. தொண்ணூறுகளில் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவர்களுக்கு ஒருவனை நினைவிருக்கும். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்வான். சாக்பீஸ்களை வரிசையாக அடுக்குவான். நீங்கள் சிரிப்பீர்கள், நான் அடித்திருக்கிறேன். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் வரவில்லை. "அந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்று நான்தான் அவனுடைய அப்பாவிடம் சொன்னேன். பிறகு அவன் செங்கல் சூளைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். அவனுக்கு இருந்தது ஆட்டிசமா என்று இன்றைக்கு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அடுத்து என்ன என்று அவனிடம் ஒரு நாளாவது காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று முகிலைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்தேன். அன்று எனக்குத் தெரியாது என்ற ஒரு சாக்காவது எனக்கு உண்டு. இன்று கையில் இருந்த பட்டையைக் கழற்றிக் கொடுத்தனுப்பியவர்களுக்கு அந்தச் சாக்குகூட இல்லை.

உங்களில் ஆசிரியர்களாக இருக்கிறவர்கள், வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், வரும் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஒரு தாளில் நேரம் போட்டு எழுதுங்கள். வேறு எதுவும் செய்ய வேண்டாம். எழுதிய தாளை எனக்கு அனுப்பினால் உட்கார்ந்து சேர்ந்து பார்க்கலாம். எனக்கு இப்போது நேரம் இருக்கிறது. மறுத்துப் பேச விரும்புகிறவர்களும் தாராளமாகப் பேசுங்கள், வாட்ஸ்அப்பில் பேசிய மருமகனும் சேர்த்துத்தான். ஆனால் "வாழ்க்கை டைம்டேபிள் போட்டுக்கொண்டு வராது" என்று மட்டும் எழுதாதீர்கள். எழுதினால், உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை முதலில் கழற்றிவிட்டு எழுதுங்கள்.

உங்கள் டீச்சர்